அப்பா வயதுத் தலையாரிக்கு வேலை எழுதி அனுப்புவது எப்படி? புது வி.ஏ.ஓ.க்களுக்கு

குரூப் 4 எழுதி, கலந்தாய்வு முடித்து, பயிற்சியும் முடிந்து ஒரு கிராமத்தில் போய் உட்காரும்போது பலருக்கு வயது 23, 24தான் இருக்கும். அங்கே உங்களுக்குக் கீழே வேலை பார்க்க இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர், கிராம உதவியாளர். ஆணையில் அப்படித்தான் இருக்கும். ஊர் வாயில் அவர் இன்னும் தலையாரிதான். எனக்கு 24 வயதில் வாய்த்தவருக்கு 56. என் அப்பாவைவிட 2 வயது மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊரின் வரப்பையெல்லாம் நடந்து தீர்த்தவர்.

பயிற்சியில் 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் சொல்லித் தந்தார்கள். இப்படி ஒருவருக்கு வேலையை எழுதி அனுப்புவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. வாயால் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. முகம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, குரலை இறக்கலாம். எழுத்தில் அதெல்லாம் போய்விடும். நீங்கள் மரியாதை வைத்திருக்கிறீர்களா இல்லையா என்பதை அவர் வினைச்சொல்லின் வாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் சேர்ந்த 2ஆவது வாரத்தில் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் செய்தி இது:

"நாளை மாலைக்குள் 5 நபர்களுக்கும் நோட்டீஸ் வழங்கி, ஒப்புதல் பெற்ற பிரதிகளை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்."

எழுத்துப் பிழை இல்லை. தாலுகா அலுவலகத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் இதே நடையில்தான் வந்தன. அதையே நானும் பிடித்துக்கொண்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாள் நோட்டீஸ்களைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் பிரதிகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, உட்காராமல், "மெமோவுக்குப் பதில் எழுதித் தரணுமாம்மா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். வீட்டில் அவருடைய பேரன் அந்தச் செய்தியை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். மருமகள் உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நாம் அனுப்புவதை அவர் மட்டும் படிப்பதில்லை. கண்ணாடி தேடுவதற்குச் சோம்பல்பட்டு, பெரியவர்கள் செல்போனை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். ஆகவே அவர் பேரன் சத்தமாகப் படிக்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். இன்னொன்று, அரசு ஊழியருக்கு அந்த 'வும்' நடை காதில் விழுந்தாலே மெமோ வாசம் அடிக்கும்.

மெமோ என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராம உதவியாளரை நியமிப்பவர் வட்டாட்சியர். ஒழுங்கு நடவடிக்கையும் அங்கிருந்துதான் வர வேண்டும். நீங்கள் அவரிடம் வேலை வாங்கலாம், வேலை நடக்கவில்லை என்றால் மேலே அறிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான். கையில் இல்லாத பிரம்பை ஓங்குகிற மாதிரி எழுதினால், அது இல்லை என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு முன்னால் எத்தனையோ வி.ஏ.ஓ.க்களைப் பார்த்தவர் அவர்.

எழுதுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்

புது வேலை எதுவாக இருந்தாலும் முதல் தடவை அவர் காதுக்கு வாய் வழியாகப் போகட்டும். நேரில் முடியாவிட்டால் போனில். எழுத்து அதற்குப் பின்னால் வரட்டும். காரணம் எளிது. பேச்சே இல்லாமல் திடீரென்று எழுத்தில் வந்தால், "பின்னால் ஆதாரத்துக்கு எழுதி வைக்கிறார்கள்" என்றுதான் மூத்த ஊழியர் எடுத்துக்கொள்வார். பேசி முடித்த பிறகு வரும் எழுத்து ஞாபகத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி ஆகிவிடும். அதே வரிகள்தான், வந்த வரிசை வேறு.

பேசும்போது அபிப்பிராயம் கேளுங்கள். எழுதும்போது முடிவானதை எழுதுங்கள். "மேலத்தெருக்காரங்க எப்ப வீட்ல இருப்பாங்கண்ணே?" என்பது போனில் கேட்க வேண்டியது. அதையே செய்தியில் கேட்டால், அவர் பதில் தட்டச்ச வேண்டும். அது அவருக்குச் சிரமம், பதிலும் வராது.

எழுத்தில் கட்டாயம் போக வேண்டியவை பெயர், புல எண், தேதி, நேரம், எண்ணிக்கை. இவை வாய் வழியாகப் போனால் மாறும். 112/3பி என்று நீங்கள் சொன்னது 112/3டி என்று விழும். அப்புறம் யார் சொன்னது சரி என்ற சச்சரவில் மரியாதையெல்லாம் காற்றில் போய்விடும்.

எப்படி அழைப்பது

நான் முதலில் "ஐயா" என்று எழுதினேன். அவரே தடுத்தார். "ஐயான்னு எழுதாதீங்கம்மா, படிக்கிறவங்க சிரிப்பாங்க." அவர் உலகத்தில் 'ஐயா' என்பது மேலே இருப்பவருக்குச் சொல்வது, அதை அவருக்கே சொன்னால் நாம் நாடகம் ஆடுகிற மாதிரி இருந்திருக்கிறது. வெறும் பெயர் எழுதுவது என்னால் முடியாது. கடைசியில் "அண்ணே" என்பதில் நின்றோம். 32 வயது வித்தியாசத்துக்கு அண்ணன் முறை ஒட்டாது என்று நினைக்கலாம். அரசு அலுவலகங்களில் வயது எவ்வளவு இருந்தாலும் அந்தச் சொல் செல்லுபடியாகும், யாருக்கும் உறுத்தாது. சில ஊர்களில் "ஐயா"வே சரியாக இருக்கும். அவரையே கேட்டுவிடுவது உத்தமம். மாமா, சித்தப்பா என்று முறை வைக்காதீர்கள். ஊரில் அதற்கு வேறு அர்த்தங்கள் கிளம்பும். நாளைக்கு ஒரு வேலையை மறுபடி செய்யச் சொல்லும்போது உங்களுக்கே வாய் வராது.

"தாங்கள்" வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் அழகாக இருக்கும் சொல். அன்றாட வேலையில் வந்தால், ஒன்று கேலி, இல்லையென்றால் கோபம் என்றுதான் படும்.

"நீங்க" என்பது பேரம் பேசக் கூடாத ஒன்று. இது இந்தப் பதவிக்குக் கூடுதலாகவே பொருந்தும். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்படும்வரை கர்ணமும் மணியக்காரரும் நாற்காலியில் இருந்தார்கள். தலையாரியும் வெட்டியானும் நின்றார்கள். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். எத்தனை வயதானாலும் "ஏய்", "வாடா" என்றே கூப்பிடப்பட்டவர்கள். முறை ஒழிந்தாலும் அந்த நாக்கு எல்லா இடத்திலும் திருந்திவிடவில்லை. ஊர்ப் பெரியவர் யாராவது உங்கள் முன்னாலேயே அவரை ஒருமையில் கூப்பிடுவார். அந்த நேரத்தில் நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதை மொத்தத் திண்ணையும் கவனிக்கும். அவர் இல்லாத இடத்திலும் இதேதான். வருவாய் ஆய்வாளருக்கு எழுதும்போது "தலையாரியை அனுப்பியிருக்கேன்" என்று எழுதாமல், "எங்க கிராம உதவியாளர் வர்றார், அவர்கிட்ட குடுத்துடுங்க சார்" என்று எழுதுங்கள். அந்தச் செய்தி எப்படியும் சுற்றி அவர் காதுக்கு வரும்.

வினைச்சொல்லின் வால்

தொனியின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பது என்ற ஒரே வேலையை எத்தனை விதமாக எழுதலாம் என்று பாருங்கள்.

"கொடுக்கவும்" என்பது அறிவிப்புப் பலகையின் குரல். 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குரல். யாரையும் பார்த்துப் பேசாது. அதனாலேயே அலுவலகக் கடிதத்துக்குப் பொருத்தம், தினமும் முகம் பார்க்கும் ஒருவருக்குப் பொருந்தாது.

"கொடுங்க" என்பது மரியாதைதான். ஆனால் வரிக்கு வரி இதுவே வந்தால் கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

"கொடுத்துடுங்க" என்பதில் அந்த 'டு' பெரிய உதவி செய்கிறது. வேலை முடிய வேண்டும் என்பதையும் சொல்கிறது. நீங்கள் முடித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்கிறது. நான் அதிகம் எழுதுவது இதைத்தான்.

"கொடுத்துடணும்" என்பது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துப் பேசுவது. "வியாழக்கிழமை சர்வேயர் வர்றார், அதுக்கு முன்னாடி 5 பேருக்கும் போய்ச் சேர்ந்துடணும்." கட்டாயம் எங்கிருந்து வருகிறது? வியாழக்கிழமையிலிருந்து. கெடு இருக்கும் வேலைக்கு இது நன்றாக நிற்கும்.

"கொடுக்க முடியுமாண்ணே?" என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். பணிவாக இருக்கிறது என்று நானும் 2 மாதம் இதைத்தான் எழுதினேன். கேள்வி கேட்டால் 'முடியாது' என்பதும் ஒரு பதில்தானே. ஒரு நாள் "இன்னைக்கு முடியாதும்மா, ஒரு சாவு" என்று பதில் வந்தது. அவர் மேல் தப்பில்லை, நான் கேட்டேன், அவர் சொன்னார். உண்மையிலேயே அவருக்கு மறுக்க இடம் இருக்கும் வேலைக்கு மட்டும் 'முடியுமா' எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வது, அவர் வண்டியில் இன்னொரு ஊருக்குப் போகச் சொல்வது இப்படிப்பட்டவை.

"நாம கொடுத்துடலாம்" என்பதும் அப்படித்தான். 'நாம' என்று எழுதினால் நீங்களும் போக வேண்டும். நாற்காலியை விட்டு எழாமல் எழுதும் 'நாம' எவ்வளவு பொய் என்று மூத்தவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள்.

இதோடு சில சொற்களை அடியோடு விட்டுவிடுங்கள். "மறந்துடாதீங்க" என்று 26 வயது சக ஊழியருக்கு எழுதலாம். 56 வயதுக்காரருக்கு எழுதினால் 'வயசாயிடுச்சு உங்களுக்கு' என்று படும். "புரிஞ்சுதா?" என்பதற்குப் பதில் "நான் எதையாவது விட்டுட்டேனாண்ணே?" என்று கேட்டால் சரிபார்ப்பும் நடக்கும், அவர் சொல்லவும் ஏதாவது இருக்கும். "ஏற்கெனவே சொன்னேன்ல" என்பது யாருக்குமே வேண்டாம்.

ஒரு செய்தியைக் கட்டிப் பார்ப்போம்

உட்பிரிவு செய்து பட்டா மாற்றக் கேட்டு ஒருவர் மனு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை காலை 10 மணிக்கு சர்வேயர் அளக்க வருகிறார். பக்கத்து நிலத்துக்காரர்கள் 5 பேருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் போக வேண்டும். நம்மிடம் இருக்கும் பிரதியில் தேதியோடு அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், அளந்து கல் நட்ட பிறகு ஒருவர் வந்து "எனக்குச் சொல்லவே இல்லை" என்பார், செய்த வேலை அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. ஆக, இதில் தளர்த்த முடியாதவை எவை? 5 பேர், புதன் மாலை, தேதி போட்ட கையெழுத்து. யாருக்கு முதலில், எந்த வழியாக, காலையிலா மாலையிலா என்பதெல்லாம் அவர் பாடு. எழுதுவதற்கு முன் இந்த இரண்டையும் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் இம்மி விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டும். இரண்டாம் பாதியில் வாயே திறக்கக் கூடாது.

பணிவு அதிகமானால் எப்படி ஆகும் என்பதற்கு என்னுடைய 2ஆவது மாதத்துச் செய்தி ஒன்று:

"அண்ணே வணக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நேரம் இருந்தா அந்த நோட்டீஸ் விஷயம் கொஞ்சம் பாத்துக்க முடியுமா? அவசரம் ஒண்ணும் இல்ல, வியாழனுக்குள்ள ஆனா நல்லா இருக்கும்."

இதில் எத்தனை நோட்டீஸ் என்று இல்லை. கையெழுத்து என்ற சொல்லே இல்லை. 'வியாழனுக்குள்ள' என்றால் வியாழன் காலையா, புதன் இரவா? 'அவசரம் இல்ல' என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் 3 பேருக்கு வாயால் சொல்லிவிட்டு வந்தார். எழுதியபடி பார்த்தால் அவர் செய்தது சரிதான். வயதுக்குப் பயந்து வேலையை மங்கலாக எழுதினால், கடைசியில் அந்த மூத்தவரே எல்லார் முன்னாலும் தப்புச் செய்தவராக நிற்பார். அதைவிட அவமரியாதை கிடையாது.

இப்போது நான் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்:

"அண்ணே, காலையில பேசினோமே, அந்த உட்பிரிவு வேலை. வியாழன் காலை 10 மணிக்கு சர்வேயர் வர்றார்.

நோட்டீஸ் 5 பேருக்கு. ஆலமரத்துக் கொல்லையைச் சுத்தி இருக்கிறவங்க:
1. க. முருகேசன், மேலத்தெரு (112/2)
2. கா. முருகேசன், ரேஷன் கடை பின்னாடி (112/4)
மீதி 3 பேர் பேரு நோட்டீஸ்லயே இருக்கு.

புதன் சாயங்காலத்துக்குள்ள 5 பேர்கிட்டயும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிடணும். கையெழுத்து இல்லேன்னா அளந்தது நிக்காது, பின்னாடி தகராறு வரும். யாராச்சும் ஊர்ல இல்லேன்னா, வாங்க மாட்டேன்னா எனக்கு ஒரு போன் அடிங்க, என்ன பண்றதுன்னு சேந்து முடிவு பண்ணிக்கலாம். எந்த வழியா போறது வசதின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி இதேதான். சில இடங்களைக் கவனியுங்கள். 'காலையில பேசினோமே' என்ற தொடக்கம், இது புது உத்தரவு இல்லை என்று சொல்லிவிடுகிறது. புல எண்ணோடு ஆலமரத்துக் கொல்லை என்ற ஊர்ப் பெயரும் இருக்கிறது. அவருக்கு நிலம் எண்ணால் தெரியாது, பெயரால் தெரியும். எனக்கு எண்ணால் மட்டும் தெரியும். இரண்டையும் எழுதினால் அவர் அறிவும் கணக்கில் வருகிறது, தப்பும் குறைகிறது. காரணம் ஒரே வரி. அதற்கு மேல் விளக்கினால் பாடம் நடத்துகிற மாதிரி ஆகும். 'போன் அடிங்க' என்பது சிக்கலான இடத்தில் அவரைத் தனியாக விடவில்லை என்று சொல்வது. நோட்டீஸ் வாங்க மறுத்தால் சாட்சி வைத்துக் கதவில் ஒட்ட வேண்டி வரும். அந்தத் தலைவலி அவர் தலையில் மட்டும் விழக் கூடாது.

இன்னொன்று, தமிழிலேயே தட்டச்சுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் நமக்கு விரலோடு ஒட்டியிருக்கிறது. அவருக்கு அது ஒரு வரியும் விளங்காது. விளங்கவில்லை என்று நம்மிடம் சொல்லவும் மாட்டார். படிக்கவே சிரமப்படுபவர் என்றால் இதையே குரல்பதிவாகப் பேசி அனுப்பிவிட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள். பட்டியலை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

ஞாபகப்படுத்துவது

புதன் மதியம் 3 மணி. எதுவும் தகவல் இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது. "ஏன் இன்னும் கொடுக்கலை?" என்று ஒரு வரி போதும், ஒரு வாரத்துக்கு முகம் திரும்பிவிடும். 'ஏன்' வந்தாலே அது விசாரணை.

இதற்கென்றே தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "கொடுத்தீங்களா?" என்பதில் 'நீங்க' ஒளிந்திருக்கிறது, ஆளைக் கேட்கிறது. "5ம் கொடுத்தாச்சாண்ணே?" என்பதில் ஆளே இல்லை. வேலை என்ன நிலையில் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. 'ஆச்சு' போட்டுக் கேட்டால், ஆகவில்லை என்று சொல்வதும் அவருக்குச் சுலபம். "3 ஆச்சும்மா, 2 பேர் காட்டுக்குப் போயிருக்காங்க" என்று உடனே பதில் வரும். நமக்கு வேண்டியது அந்தத் தகவல்தானே? தாமதமாகிவிட்ட இடத்திலும் "ஏன் லேட்?" என்று கேட்பதைவிட "என்னாச்சுண்ணே, எங்கயாச்சும் சிக்கிடுச்சா?" என்பது சீக்கிரம் உண்மையைக் கொண்டுவரும்.

ஞாபகப்படுத்தல் ஒன்றுக்கு மேல் எழுத்தில் வேண்டாம். 2ஆவது தடவை போன். 3 நீல டிக்கை வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வேலையை விட்டுவிட்டு மனஸ்தாபத்தை வளர்க்கிறார்.

தப்பு நடந்துவிட்டால்

அந்த 2 முருகேசன்களில் ஒரு தடவை நோட்டீஸ் மாறிப் போனது. ரேஷன் கடைக்குப் பின்னால் இருப்பவருக்குப் போக வேண்டியது மேலத்தெருக்காரரிடம் போய், அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிரதி என் கைக்கு வந்தபோது புதன் சாயங்காலம் 6 மணி.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் போனை எடுங்கள். தப்பை எழுத்தில் சொல்வதற்கு முன் வாயால் சொல்லிவிட வேண்டும். அவர் பேரன் வாயிலிருந்து அதை அவர் கேட்கக் கூடாது. பேசி முடித்த பிறகு நான் எழுதியது:

"அண்ணே, 112/4க்கு உள்ள நோட்டீஸ் மேலத்தெரு முருகேசன்கிட்ட போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பேரு, நோட்டீஸ்ல நான் தெருப் பேரு போட்டிருக்கணும். புது நோட்டீஸ் என் மேசையில இருக்கு. இன்னைக்கு ராத்திரி 8 மணிக்குள்ள ரேஷன் கடை முருகேசன்கிட்ட கையெழுத்து வாங்கிடணும். இனிமே பேரு ஒண்ணா இருந்தா நோட்டீஸ்லயும் நான் தெருவைச் சேத்து எழுதிடுறேன்."

'நீங்க மாத்திக் கொடுத்துட்டீங்க' என்று எழுதவில்லை. நோட்டீஸ் போயிடுச்சு, அவ்வளவுதான். ஆனால் எது தப்பு, எது மறுபடி நடக்க வேண்டும், எத்தனை மணிக்குள் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. என் பங்கு உண்மையாகவே இருந்ததால் சொன்னேன். இல்லாத பங்கை இருப்பதாகப் பொய் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தால் அடுத்த தடவை நீங்கள் உண்மையாகச் சொல்வதையும் நம்ப மாட்டார்.

குழுவில் ஒருபோதும் இதைப் பேசாதீர்கள். வருவாய்க் கிராமங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். மற்ற உதவியாளர்கள், மற்ற வி.ஏ.ஓ.க்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். மழை எச்சரிக்கை, கூட்டம் என்று எல்லாருக்கும் பொதுவானது மட்டும் அங்கே. ஒரு ஆளுக்கான வேலை அவர் எண்ணுக்கு நேராகப் போகட்டும். நல்லதைச் சொல்வதற்கு மட்டும் விதிவிலக்கு. இரவு 11 மணிக்கு ஏரிக்கரை கசிகிறது என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னதைக் குழுவில் ஒரு வரி எழுதினேன். "கரை விஷயம் முதல்ல பாத்துச் சொன்னது எங்க அண்ணன்தான் சார்." அதற்குப் பிறகு என் செய்திகளுக்குக் கட்டைவிரல் குறி வர ஆரம்பித்தது.

கறார் தேவைப்படும் இடம்

எல்லா மூத்தவரும் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. மணல் வண்டிக்குக் கண்ணை மூடிக்கொள்பவர் இருப்பார். "சின்னப் பொண்ணு, இதுக்கு என்ன தெரியும்" என்று வேண்டுமென்றே இழுத்தடிப்பவர் இருப்பார். ஒரே வேலை 3 தடவை நடக்கவில்லை, போனில் சொல்லியாயிற்று, நேரிலும் சொல்லியாயிற்று என்றால், நடையை மாற்றத்தான் வேண்டும். அப்போது அந்த 'வும்' நடையை எடுங்கள். அதுவரை அதைப் பத்திரமாக வைத்திருந்ததன் பலன் இப்போதுதான். தினமும் 'அண்ணே' என்று எழுதும் ஆளிடமிருந்து, தேதி போட்டு, பொருள் போட்டு, "17ஆம் தேதிக்குள் ஒப்படைக்கவும்" என்று தாளில் வந்தால் அதன் கனம் தனி. தினமும் அப்படியே எழுதுகிறவருக்கு இந்த ஆயுதம் கிடையாது.

அந்தத் தாளிலும் 2 விஷயம். ஒன்று, நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்தத் தேதியில் என்ன வேலை சொல்லப்பட்டது, எந்தத் தேதிவரை நடக்கவில்லை என்பதோடு நிறுத்துங்கள். 'அலட்சியமாக', 'கீழ்ப்படியாமல்' போன்ற சொற்கள் வேண்டாம். குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வட்டாட்சியர் வேலை. நீங்கள் சொன்னால் விஷயம் வேலையை விட்டு உங்கள் இருவருக்குமான சண்டையாகிவிடும். 'விளக்கம்' என்ற சொல்லிலும் கவனம். சாதாரணமாக விவரம் கேட்கும்போதுகூட "விளக்கம் தரவும்" என்று எழுதிவிடுகிறோம். அரசு ஊழியர் காதில் அது 17(அ), 17(ஆ) பக்கம் இழுக்கும் சொல். விவரம் வேண்டுமென்றால் 'விவரம்' என்றே எழுதுங்கள்.

இன்னொன்று, அதை அனுப்பும் முன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, இதை நான் இனி எழுத்துல தர வேண்டியிருக்கு. தாசில்தார் ஆபீசுக்கும் ஒரு பிரதி போகும்." இவ்வளவு போதும், சமாதானம் சொல்ல வேண்டாம். நான் 6 வருடத்தில் இதை ஒரே ஒரு தடவை செய்தேன், வேறொரு கிராமத்தில், வேறொருவரிடம். அவர் தாளை வாங்கிக்கொண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் 8 மணிக்கு வந்து கேட்ட பதிவேட்டை மேசையில் வைத்தார். நான் "உட்காருங்கண்ணே, டீ சொல்லியிருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.